செயல் சுருக்கத்தில் அந்த ஒரு வரி: கடலில் விடப்போகும் உவர்நீரை ஊருக்கு எப்படி விளக்குவது?

"எங்கள் ஊர் ஏர்வாடிக்கு மேற்கே, கடற்கரை ஓரம். பக்கத்தில் ஒரு ரசாயன ஆலை வரப்போகிறது. அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம். பஞ்சாயத்து அலுவலகத்தில் தமிழில் ஒரு செயல் சுருக்கம் வைத்திருக்கிறார்கள். படித்தவன் என்று என்னிடம் கொடுத்து ஊருக்கு விளக்கச் சொல்கிறார்கள். 'உவர்நீர்க் கழிவு டிஃப்யூசர் வழியே கடலில் விடப்படும், பாதிப்பு மிகக் குறைவு' என்று ஒரு வரி இருக்கிறது. மீன் போய்விடுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?"

அந்த ஒரு வரியிலிருந்தே ஆரம்பியுங்கள், தம்பி. நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். பல வருடம் இந்த மாதிரி ஆய்வுகளுக்குக் கடல்நீர் மாதிரி எடுக்கும் வேலை பார்த்தவன் நான். சுருக்கம் முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டினால் மூன்றாவது பக்கத்திலேயே கூட்டம் கலைந்துவிடும். உங்கள் ஊருக்கு ஆலையின் மற்ற எதையும்விட அந்தக் குழாய்தான் முக்கியம். அதைப் புரியவைத்துவிட்டால் மீதியை அவர்களே கேட்பார்கள்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள். 2006-ஆம் வருட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இந்தச் சுருக்கம் பத்துப் பக்கத்தைத் தாண்டக்கூடாது. திட்டம் என்ன, இப்போது சூழல் எப்படி இருக்கிறது, என்ன பாதிப்பு வரும், அதற்கு என்ன தணிப்பு, எப்படிக் கண்காணிப்பார்கள் என்ற வரிசையில் இருக்கும். முழு அறிக்கை இதைவிடப் பல மடங்கு பெரியது. அது ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். கணக்கு எல்லாம் அதில்தான். சுருக்கத்தில் இருப்பது விடை மட்டும். இன்னொன்றையும் சொல்லுங்கள்: இது வரைவு. கூட்டத்தில் ஊர் கேட்பதற்கெல்லாம் பதில் எழுதிச் சேர்த்த பிறகுதான் இறுதி அறிக்கை ஆகும்.

இப்போது குழாய்க்கு வருவோம். ஆலைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். நம் மாவட்டத்தில் அது கிடையாது. அதனால் கடல்நீரை எடுத்து உப்பைப் பிரித்து நன்னீராக்கப் போகிறார்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் உள்ள கணக்கு இது: நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர் கடல்நீர் எடுப்பார்கள், 2 கோடி லிட்டர் நன்னீராகும், 3 கோடி லிட்டர் கடலுக்கே திரும்பும். திரும்பும் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று சுருக்கத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் அதை நாமே கணக்குப் போடலாம்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. சமையலறை அளவில் ஆறு தேக்கரண்டி. 5 லிட்டர் எடுத்தால் அதில் 175 கிராம். நன்னீராகப் போகும் 2 லிட்டரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆக அந்த 175 கிராமும் மீதி 3 லிட்டரிலேயே தங்கிவிடுகிறது. வகுத்தால் லிட்டருக்கு 58 கிராம், பத்துத் தேக்கரண்டி. புதிதாக உப்பு எதையும் அவர்கள் சேர்க்கவில்லை, கடலின் உப்பைத்தான் கடலுக்குத் திருப்புகிறார்கள் என்று நிறுவனத்தார் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அகலமாக அள்ளியதை ஒரே இடத்தில் கொட்டுகிறார்கள். கேள்வி அந்த இடத்தைப் பற்றியது.

இதை ஊரில் விளக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு கூட்டத்துக்கு முன் வேறொரு ஊரில் செய்து காட்டினேன், அரை மணி நேரப் பேச்சுக்கு ஆகாதது ஐந்து நிமிடத்தில் புரிந்தது. ஒரு கண்ணாடி மீன் தொட்டியில் லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். அதுதான் கடல். தனியாக ஒரு பாட்டிலில் லிட்டருக்குப் பத்துத் தேக்கரண்டி கரைத்து, சொட்டு நீலம் கலந்துகொள்ளுங்கள். அதுதான் குழாய்த் தண்ணீர். நீலத் தண்ணீரைத் தொட்டியின் ஓரமாக மெதுவாக விட்டுப் பாருங்கள். மேலே கலக்காது. கனமான தண்ணீர் என்பதால் நேராக அடிக்குப் போய், தரையோடு தரையாகப் போர்வை விரித்த மாதிரி பரவும். அடுத்து அதே நீலத் தண்ணீரை ஒரு சிரிஞ்சில் எடுத்து, தொட்டியின் அடியிலிருந்து சாய்வாக மேல்நோக்கி வேகமாகப் பீய்ச்சுங்கள். அது எழும்பி, சுற்றியுள்ள தண்ணீரை இழுத்துக் கலந்து, வெளுத்துத்தான் கீழே இறங்கும்.

டிஃப்யூசர் என்பது அந்த சிரிஞ்சுதான். குழாயின் கடைசியில் பல சிறு முனைகள் வைத்து, சாய்வாக மேல்நோக்கிப் பீய்ச்சும் அமைப்பு. ஆக தணிப்பு நடவடிக்கை பொய் இல்லை. சரியாக அமைத்து, சரியாக ஓடினால் அது வேலை செய்யும். எது சரி, எப்போது வேலை செய்யாது என்பதைத்தான் ஊர் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் சுருக்கம் 20 மடங்கு நீர்த்துப்போகும் என்கிறது. அப்படியானால் என்ன ஆகும்? குழாய்த் தண்ணீரில் கடலைவிடக் கூடுதலாக இருப்பது 23 கிராம். 20 மடங்கு கலந்தால் அது ஒரு கிராம் சொச்சமாகக் குறையும். அதாவது கீழே இறங்கும் இடத்தில் கடல் 35-க்குப் பதில் 36 சொச்சம். கோடையில் நம் கடலே அந்த அளவுக்குப் போவதுண்டு, மீன் அதைத் தாங்கும். 10 மடங்குதான் கலந்தது என்றால் 37-ஐத் தாண்டும். 5 மடங்கு என்றால் ஏறத்தாழ 40. மீன் நீந்தி விலகிப் போய்விடும். அடியிலேயே கிடக்கும் சிப்பியும், பவளமும், கடற்புல்லும், அந்தப் புல்லை நம்பிய நண்டும் இறாலும் எங்கே போகும்? "மீன் போய்விடுமா" என்ற கேள்வியை இப்படி மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள்: குழாய் முனை இருக்கும் இடத்தில் அடியில் இப்போது என்ன இருக்கிறது? அங்கே முக்குளித்துப் பாசி எடுக்கும் பெண்களுக்கும் நண்டு வலை விடுபவர்களுக்கும் அந்த இடம் கைரேகை மாதிரி தெரியும். அறிக்கையில் அந்த இடம் "மணல் தரை" என்று இருந்து, அவர்கள் "அது பாறைப் பார், அங்கே புல் இருக்கு" என்று சொன்னால், அதைவிடப் பெரிய ஆட்சேபணை வேறில்லை.

அப்புறம் ஆழம். முனை 4 மீட்டர் ஆழத்தில் இருக்கும் என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கணக்கில் இரண்டு பாகத்துக்குச் சற்று மேலே. இங்கேதான் எனக்கு உறுத்தியது. பாய்ச்சல் எழும்பும்போதுதான் கலக்கும், எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு கலப்பு. தோராயமாகச் சொன்னால், 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள முனையிலிருந்து கிளம்பி 20 மடங்கு கலக்கும் பாய்ச்சல் சுமார் 4 மீட்டர் உயரம் எழும்ப வேண்டும். முனையே தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே இருக்கும். அப்படியென்றால் பாய்ச்சல் கடல் மட்டத்தில் முட்டும், எதிர்பார்த்த கலப்பு கிடைக்காது. முனையின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் எழும்பும் உயரம் மூன்று மீட்டருக்குள் அடங்கும், மட்டுமட்டாகப் பொருந்தும். எத்தனை முனை, விட்டம் என்ன, 4 மீட்டர் என்பது வற்றத்தில் அளந்ததா ஏற்றத்தில் அளந்ததா? இந்த மூன்றும் சுருக்கத்தில் இல்லை. முழு அறிக்கையில் தேடிப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் 20 மடங்கு என்ற எண்ணுக்கு ஆதாரம் இல்லை என்று கூட்டத்தில் தைரியமாகச் சொல்லலாம்.

ஆலை பாதி அளவில் ஓடும் நாட்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வரும் தண்ணீர் பாதியானால் பீய்ச்சும் வேகமும் பாதியாகும், கலப்பும் குறையும். கழிவு குறைந்த நாளில் அடியில் உப்பு கூடும் என்பது கேட்க வினோதமாக இருக்கலாம், தொட்டியில் சிரிஞ்சை மெதுவாக அழுத்திக் காட்டுங்கள், புரிந்துவிடும். அந்த நாட்களில் சில முனைகளை மூடி மற்றவற்றில் வேகத்தைக் காப்பதுதான் வழக்கமான தீர்வு. அதைச் செய்வார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது, எந்த மாதத்தில் அளந்தார்கள் என்பது. உங்கள் அறிக்கையில் மார்ச் முதல் மே வரை. மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்துத் தகவல் எடுத்தால் போதும் என்று விதி இடம் கொடுப்பதால் இது வழக்கம்தான், தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அளந்த மூன்று மாதத்தில் பாதி அதில் போய்விட்டது. அந்தக் கணக்கை வைத்து "இப்பகுதியில் மீன்வரத்து குறைவு" என்று எழுதினால், ஊர் ஒப்புக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளித்துத் தானே கலக்கிக்கொள்ளும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கும், நம் பக்கம் அடங்கிக் கிடக்கும். அடங்கிய கடலில்தான் அந்த உப்புப் போர்வை அடியில் அப்படியே தங்கும். அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பலமாக இருக்கும், அட்டமி, நவமி நாட்களில் மந்தமாக இருக்கும். ஆக மோசமான நாள் எது என்றால், வாடைக் காலத்தில் காற்றில்லாத ஓர் அட்டமி. அந்த நாளுக்குக் கணினிக் கணக்கு போட்டிருக்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டியது. இதை உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் வார்த்தையில் கேட்டால், நீங்களோ நானோ கேட்பதைவிடப் பலமாக இருக்கும்.

தூரத்தையும் கவனியுங்கள். தேசியப் பூங்கா 7 கிலோமீட்டர் என்று அட்டவணையில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரையுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் அறிவித்த கடல்வாழ் தேசியப் பூங்கா அது. 7 கிலோமீட்டர் என்பது ஆலை வளாகத்திலிருந்து அளந்தது என்று அடிக்குறிப்பு சொல்கிறது. குழாய் முனையோ கரையிலிருந்து 1.2 கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கிறது. தீவைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் பூங்காவில் அடக்கம். முனையிலிருந்து பூங்கா எல்லை வரைக்கும் அளந்த தூரத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் எடுக்கும் வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலைத் தடுப்பு வைப்பதாகப் போட்டிருக்கிறார்கள். உறிஞ்சும் வேகம் நொடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் மீன் தப்பித்து நீந்திவிடும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் அளவு. 5 கோடி லிட்டரை அந்த வேகத்தில் எடுக்க வேண்டுமானால் வாயின் பரப்பு 4 சதுர மீட்டர் அளவுக்காவது இருக்க வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாயை அப்படியே திறந்து வைத்தால் வேகம் ஐந்து மடங்காகும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: எந்த வலை வைத்தாலும் மீன் முட்டையும் குஞ்சும் உள்ளே போகத்தான் செய்யும். கரையோரக் கிணறுகள் தோண்டி மணல் வழியே வடிகட்டி எடுத்தால் மட்டுமே அது தவிரும். அது ஏன் பரிசீலிக்கப்படவில்லை என்று மாற்று வழிகள் பகுதியில் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

ஆலையின் சொந்தக் கழிவுநீரை இந்த உவர்நீரோடு கலந்து விடப்போகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். "விதிமுறைக்குள் இருக்கும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். கழிவை மக்கச்செய்ய நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எடுக்கும் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பார்கள். அந்த விதிமுறையில் ஆறு, குளத்தில் விடும் கழிவுக்கு அது லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை அனுமதி, கடலில் விட்டால் 100 வரை. கடலுக்கென்றால் அளவு தளர்வு. அதோடு 3 கோடி லிட்டர் உவர்நீரில் கலந்துவிட்டு அளந்தால் எந்தக் கழிவும் விதிக்குள் வந்துவிடும். கலப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

காற்று மாசு பகுதி எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. புகைபோக்கியின் உயரமும் காற்றின் திசையும் பொருத்தமாகவே இருக்கின்றன. நிலத்தடி நீர் எடுக்கமாட்டோம் என்பது ஆலை ஓடத் தொடங்கிய பிறகுதான். கட்டுமானம் நடக்கும் இரண்டு வருடத்துக்கு "டேங்கர் மூலம்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்கள். அந்த டேங்கர் எந்த ஊர் ஊற்றிலிருந்து நிரம்பும் என்று கேளுங்கள். ஆலை மதிலுக்குள் அகப்படும் வரத்துக்கால் உங்கள் கண்மாய்க்குப் போவதா என்பதையும் கிராம வரைபடத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தணிப்பு நடவடிக்கை அட்டவணையைப் படிக்க எளிய வழி ஒன்று: இடப்பக்கம் சொன்ன பாதிப்பை வலப்பக்கம் சொன்னது நேராகத் தொடுகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். உங்கள் அட்டவணையில் "மீன்வளப் பாதிப்பு" என்பதற்கு எதிரே "33 சதவீதப் பசுமை வளாகம், மீனவர்களுக்கு வலை, ஐஸ் பெட்டி வழங்கல்" என்று இருக்கிறது. மரம் புழுதிக்கு நல்லது, கடலுக்கு ஒன்றும் செய்யாது. வலையும் ஐஸ் பெட்டியும் தணிப்பு அல்ல, ஈடு. வாங்கிக்கொள்வது ஊரின் முடிவு, ஆனால் அது பாதிப்பைக் குறைத்ததாகக் கணக்கில் எழுதக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது, யார் அளப்பது என்ற கேள்வி நிச்சயம் வரும். இறால் பண்ணைகளில் உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை நம் பக்கத்துப் பையன்கள் பலருக்குக் கையாளத் தெரியும். அது ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும். அதனால் 36-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசத்தை அதில் நிரூபிக்க முடியாது. 38, 40 என்று போனால் தெளிவாகத் தெரியும். மேல் தண்ணீரை மொண்டு பார்க்காதீர்கள், அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு பாட்டிலில் கல் கட்டி, தக்கையால் மூடி, தக்கைக்குத் தனிக் கயிறு போட்டு அடிக்கு இறக்குங்கள். தரை தொட்டதும் தக்கையை இழுத்தால் அடித் தண்ணீர் நிரம்பும். அதே நாளில், குழாயிலிருந்து வெகு தள்ளி, அதே ஆழத்தில் இன்னொரு பாட்டிலும் எடுக்க வேண்டும். மழை முடிந்த மாதங்களில் உப்பு தானாகவே இறங்கும், கோடையில் ஏறும். ஒரே நாளில் எடுத்த இரண்டையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் குழாயால் வந்ததா என்று சொல்ல முடியும். ஆலை வருவதற்கு முன்பே, இந்த மாதத்திலிருந்தே, தேதி, திதி, காற்று, ஆழம் போட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். பிறகு அது உங்கள் கையில் உள்ள ஒரே பழைய கணக்காக இருக்கும்.

கூட்டத்தில் "ஆலை வேண்டாம்" என்று சொல்ல ஊருக்கு முழு உரிமை உண்டு, அதையும் பதிவு செய்வார்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் "எதிர்ப்பு தெரிவித்தனர்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். முனையின் விட்டத்தையும் வற்றத்து ஆழத்தையும் கேட்டால் எண்ணைச் சொல்லித்தான் பதில் எழுத வேண்டும். நிபந்தனையாக இதைக் கேளுங்கள்: முனையைச் சுற்றி நான்கு பக்கமும் அடித் தண்ணீரில் தொடர்ந்து உப்பு அளக்கும் கருவி, அதன் அளவு பஞ்சாயத்துப் பலகையில் தினமும், சொன்ன அளவைத் தாண்டினால் ஆலை தண்ணீர் எடுப்பதை நிறுத்த வேண்டும். அனுமதி கிடைத்தால், நிபந்தனைகளைப் பின்பற்றிய அறிக்கையை ஒவ்வொரு வருடமும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் கொடுக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தில் எழுதாத நிபந்தனையைப் பற்றி அந்த அறிக்கையில் ஒன்றும் இருக்காது. அனுமதி தவறு என்று ஊர் நினைத்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள்.

கூட்டத்தை மாவட்ட ஆட்சியரோ, அவர் சார்பில் கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ நடத்துவார். முழுவதும் வீடியோ எடுப்பார்கள். முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அதற்குள் மதியம் ஆகி, கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்திருக்கும். உங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது கையில் கேள்விகளின் நகலோடு உட்கார்ந்திருக்கட்டும். படிக்கும்போது ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். விடுபட்டது இருந்தால், கையெழுத்தாவதற்கு முன் எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். பாசி எடுக்கும் அக்காமார் இரண்டு பேர் முன்வரிசையில் இருப்பது நல்லது, முனை இருக்கும் இடத்தைப் பற்றி அவர்கள் சொன்னது அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.